வீட்டில் கேக் செய்து விற்பவர்களுக்கு: கூகுள் ஷீட்ஸில் வரவு, செலவு, வரிக் கணக்கு

வீட்டில் கேக், பிரவுனி, குக்கீஸ் செய்து விற்கத் தொடங்கியவுடன் எல்லோரும் கணக்கு எழுதத்தான் செய்கிறோம். ஆர்டர் வாட்ஸ்அப்பில் இருக்கும், முன்பணம் யுபிஐ ஆப்பில் இருக்கும், மைதா வாங்கிய பில் சமையலறை டப்பாவுக்குள் இருக்கும். நான் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனபோது, லாபம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "மொத்த விற்பனையில் பேங்க் வழியா வந்தது எவ்வளவு, கையில ரொக்கமா வாங்கினது எவ்வளவு?" அதைப் பிரித்தெடுக்கப் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது தமிழ்நாட்டில், ஜிஎஸ்டி பதிவு இல்லாமல், தன் பெயரிலேயே வீட்டிலிருந்து விற்பவருக்கானது. கூட்டு நிறுவனமாகவோ கடையாகவோ நடத்தினால் விதிகள் வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பான் அட்டை, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு, ஒரு கூகுள் கணக்கு. ஷீட்ஸுக்குக் கட்டணம் இல்லை. முதல்முறை அமைப்பதை மட்டும் லேப்டாப்பில் செய்யுங்கள்; ஒரு மாலை நேரம் போதும். அன்றாடப் பதிவுகளை ஃபோனிலேயே போட்டுக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. கேக் பணத்துக்கு என்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதற்கு மட்டும் ஒரு க்யூஆர் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் கேக் பணமும் ஒரே கணக்கில் விழுந்தால், வருடக் கடைசியில் எது விற்பனை என்று யாராலும் சொல்ல முடியாது. கணவர் நம்பருக்கு வாங்கிக்கொள்வதும் வேண்டாம். விற்பது நீங்கள், வருமானமும் உங்களுடையது. பணம் உங்கள் பான் இணைந்த கணக்கில்தான் வர வேண்டும்.

2. கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய ஒரே அமைப்பு

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, File > Settings போய், Locale என்ற இடத்தில் India என்று வைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் 04/05/2026 என்று நீங்கள் போடும் மே 4-ஐ அது ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளும். மாதக் கூட்டல் தப்பாக வரும், ஆனால் எந்த இடத்திலும் பிழை என்று காட்டாது. 25/05/2026 போன்ற தேதியைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். சரியான தேதியும் எண்ணும் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாகிவிட்டது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகைக்கும் இதே கதைதான்: "1200 ரூ" என்று அடித்தால் அது எழுத்து, கூட்டலில் சேராது. 1200 என்று மட்டும் அடியுங்கள்.

கீழே மூன்று டேப்கள் வேண்டும்: Sales, Costs, Month. பெயர்களை ஆங்கிலத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், ஃபார்முலா அடிக்கும்போது நடுவில் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்காது. உள்ளே நீங்கள் எழுதும் பெயர்கள், கேக் வகைகள் எல்லாம் தமிழில் தாராளமாக இருக்கலாம்.

3. Sales டேப்: ஒரு ஆர்டருக்கு ஒரே வரிசை

முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை வரிசையாகப் போடுங்கள். A ஆர்டர் தேதி, B டெலிவரி தேதி, C வாடிக்கையாளர், D என்ன பொருள், E மொத்தத் தொகை, F யுபிஐ அல்லது வங்கியில் வந்தது, G ரொக்கமாக வந்தது, H பாக்கி, I மாநிலம். H2-வில் இதைப் போட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(E2="","",E2-F2-G2)
```

ஒரு ஆர்டரை வைத்துப் பார்ப்போம். மே 28 அன்று ஒருவர் ஜூன் 1-ஆம் தேதிக்கு ஒரு கிலோ சாக்லேட் ட்ரஃபிள் கேட்கிறார். கேக் 1,200 ரூபாய், கொண்டுபோய்க் கொடுக்க 80. அன்றே 600 ரூபாய் ஜிபேயில் அனுப்புகிறார். அப்போதே வரிசை போட்டுவிடுங்கள்: A-வில் 28/05/2026, B-யில் 01/06/2026, E-யில் 1280, F-இல் 600. H தானாக 680 பாக்கி என்று காட்டும். ஜூன் 1 அன்று வாசலில் 680 ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கிறார். புது வரிசை போடக் கூடாது. அதே வரிசையில் G-யில் 680 போடுங்கள். H பூஜ்யமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கணக்கு கெட்டுப்போகிறது. முன்பணம் வந்தபோது ஒரு விற்பனை, மீதி வந்தபோது இன்னொரு விற்பனை என்று எழுதுவார்கள். அல்லது முன்பணத்தை 600 என்று எழுதிவிட்டு, டெலிவரி அன்று முழுத் தொகை 1,280-ஐயும் எழுதுவார்கள். இரண்டாவது வழியில் விற்பனை 1,880 ஆகிவிடும். ஒரு ஆர்டர், ஒரு வரிசை; விற்பனை எந்த மாதத்துக்கு என்பதை டெலிவரி தேதி சொல்லும். இதை மாற்றாதீர்கள்.

ஆர்டர் ரத்தாகி, முன்பணத்தை நீங்களே வைத்துக்கொண்டால் E-யை அந்த 600-ஆக மாற்றிவிடுங்கள். திருப்பிக் கொடுத்துவிட்டால் E, F இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். வரிசையை அழிக்க வேண்டாம், பிறகு வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த 600 உள்ளே வந்து வெளியே போனதற்கு விளக்கம் அங்கேதான் இருக்கும்.

உணவு டெலிவரி ஆப் வழியாக விற்பவர்கள், கமிஷன் பிடித்தது போக வந்த தொகையை E-யில் போடக் கூடாது. வாடிக்கையாளர் கொடுத்த கேக் விலை E-யில், பிடித்த கமிஷன் செலவு டேப்பில். ஆப் வழி விற்பனைக்கு ஜிஎஸ்டி விதிகள் தனி என்பதால் சேருமுன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

I பத்தியில் TN என்று போட்டுக்கொண்டே வாருங்கள். அது எதற்கு என்பது ஆறாவது படியில்.

4. Costs டேப்: பில்லில் இருக்கும் முழுத் தொகை

தலைப்புகள்: A தேதி, B கடை, C என்ன வாங்கியது, D வகை, E பில் தொகை, F அதில் உள்ள ஜிஎஸ்டி, G யுபிஐயா ரொக்கமா.

D-யில் ஒவ்வொரு முறையும் கையால் அடித்தால் ஒரு நாள் ஒரு மாதிரி எழுதுவீர்கள், கூட்டல் சேராது. அதனால் D பத்தியைத் தேர்ந்தெடுத்து Insert > Dropdown போய் Ingredients, Packing, Delivery, Power, Equipment, Other என்று ஆறு வகைகளைக் கொடுத்துவிடுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐக்குக் கட்டிய கட்டணம், ஆடிட்டர் ஃபீஸ், ஆப் கமிஷன் எல்லாம் Other.

F பத்தியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பேக்கிங் சாமான் கடை பில்லின் அடியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டையும் கூட்டி F-இல் எழுதுங்கள். உதாரணமாக 5 சதவீத வரி உள்ள வெண்ணெய், 1,050 ரூபாய் பில் என்றால் அதில் 50 ரூபாய் வரி. E-யில் 1050, F-இல் 50. E-யிலிருந்து 50-ஐக் கழித்து 1,000 என்று எழுதக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு அந்த 50 ரூபாய் எங்கிருந்தும் திரும்பி வராது. அதுவும் உங்கள் செலவுதான். பிறகு எதற்கு எழுத வேண்டும் என்றால், பிற்காலத்தில் பதிவு செய்வது லாபமா என்று யோசிக்கும்போது, வருடத்துக்கு எவ்வளவு வரி கையை விட்டுப் போகிறது என்பது இந்த ஒரு பத்தியைக் கூட்டினால் தெரியும்.

கடை பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். அடுப்பு உள்ள அறையில் வைத்தால் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மாதப் பெயரில் ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போடுங்கள்.

முட்டையும் பாலும் வீட்டுக்கும் கேக்குக்கும் சேர்த்து வாங்குவோம். கடைக்காரரிடம் "அண்ணா, இதுக்குத் தனி பில் போட்டுருங்க" என்று கேட்டுவிடுவது ரொம்ப நல்லது. முடியாவிட்டால் கேக்குக்கு ஆன பங்கை மட்டும் E-யில் எழுதுங்கள். அதேபோல் கேக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்த பணம் தொழில் செலவு ஆகாது. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியது இந்த டேப்புக்குள் வரக் கூடாது.

மின்சாரத்துக்குப் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக, வீட்டோடு சேர்ந்து வரும். மீட்டரை வைத்தே பங்கைக் கண்டுபிடிக்கலாம். ஒரு நாள் ஓடிஜியை ஏற்றுவதற்கு முன்னால் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், கேக் எடுத்த பின் மறுபடி பாருங்கள். ஏசி, மோட்டார், ஹீட்டர் ஓடாத நேரமாக இருக்கட்டும். 2,000 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால்கூட 2 யூனிட்தான். சூடு எட்டியதும் தானே அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். கிடைத்த யூனிட்டை இரண்டு மாதத்தில் எத்தனை முறை பேக் செய்தீர்களோ அதோடு பெருக்கி, பில்லில் அந்தப் பங்கை எடுத்து Power என்று போடுங்கள். கணக்குப் போட்ட விதத்தை C பத்தியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

5. Month டேப்: இங்கே எதையும் கையால் எழுதுவதில்லை

A2-வில் 01/04/2026 என்று அடியுங்கள். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் ஜனவரியில் தொடங்க வேண்டாம். A3-இல் `=EDATE(A2,1)` போட்டு மார்ச் வரை இழுங்கள். தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், Format > Number > Date என்று மாற்றினால் சரியாகும்.

B விற்பனை, C வங்கி வழி வந்தது, D மற்றது, E செலவு, F மிச்சம், G வரிக்கான குறைந்தபட்ச வருமானம், H ஏப்ரல் முதல் மொத்த விற்பனை. B2-வில்:

```
=SUMIFS(Sales!E:E,Sales!B:B,">="&A2,Sales!B:B,"<"&EDATE(A2,1))
```

C2-வில் இதையே ஒட்டி, `Sales!E:E` என்பதை மட்டும் `Sales!F:F` என்று மாற்றுங்கள். D2-வில் `=B2-C2`. E2-வில்:

```
=SUMIFS(Costs!E:E,Costs!A:A,">="&A2,Costs!A:A,"<"&EDATE(A2,1),Costs!D:D,"<>Equipment")
```

F2-வில் `=B2-E2`, G2-வில் `=C2*6%+D2*8%`, H2-வில் `=SUM(B$2:B2)`. எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

செலவில் Equipment-ஐ விலக்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதம் புது ஓடிஜியோ ஸ்டாண்ட் மிக்சரோ வாங்கினால் அந்த மாதம் பெரிய நஷ்டம் போலத் தெரியும், அடுத்த மாதம் பெரிய லாபம் போலத் தெரியும். இரண்டும் உண்மையில்லை. அந்தத் தொகை Costs டேப்பில் பத்திரமாக இருக்கும், ஆடிட்டர் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்காக நவம்பரில் மொத்தமாக உலர்பழமும் வெண்ணெயும் வாங்கினால் அதேபோல நவம்பர் மோசமாகவும் டிசம்பர் அருமையாகவும் காட்டும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம், அந்த இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

6. வரி: எந்தப் பத்தி எதற்கு

முதலில் வருமான வரி. சிறு தொழில் செய்பவர், விற்பனை 2 கோடி வரை, விரிவான கணக்குப் புத்தகங்கள் இல்லாமல் அனுமான முறையில் வருமானத்தைக் காட்டலாம். பழைய சட்டத்தில் இது 44ஏடி பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த வசதி தொடர்கிறது, பிரிவு எண்தான் வேறு. வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்கத்தில் குறைந்தது 8 சதவீதமும் வருமானம் என்று காட்ட வேண்டும். ஆடிட்டர் அந்தக் கேள்வியை முதலில் கேட்டதற்கு இதுதான் காரணம், Sales டேப்பில் F-ஐயும் G-யையும் தனித்தனிப் பத்தியாக வைத்ததற்கும் இதுதான் காரணம்.

ஜூன் மாத விற்பனை 38,400 என்று வைத்துக்கொள்வோம். யுபிஐயில் 31,000, மீதி 7,400 ரொக்கம். 31,000-க்கு 6 சதவீதம் 1,860. 7,400-க்கு 8 சதவீதம் 592. Month டேப்பின் G பத்தியில் 2,452 வரும். செலவு 21,900 என்றால் F பத்தியில் மிச்சம் 16,500 வரும். இந்த இரண்டு எண்களும் ஒன்றில்லை என்று குழம்ப வேண்டாம். 2,452 என்பது சட்டம் சொல்லும் தரைமட்டம். உண்மையில் கிடைத்தது அதைவிட அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும்; ரிட்டர்னில் எந்தத் தொகையைப் போடுவது என்பதை இரண்டு எண்களையும் ஆடிட்டர் முன்னால் வைத்து முடிவு செய்யுங்கள்.

மாதம் 16,500 என்றால் வருடத்துக்கு 1,98,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. வேறு சம்பளமோ வாடகையோ இல்லாத ஒருவர் இந்த அளவில் வரி கட்ட வேண்டியிருக்காது. ஆனால் வங்கியில் கடன் கேட்டால் வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், அதற்காகவே பலர் ரிட்டர்ன் போடுகிறார்கள். அனுமான முறைக்கான படிவம் ஐடிஆர்-4. வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் நிலையில் இருப்பவர்கள் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும், அதனால் பிப்ரவரிக் கடைசியில் G, F இரண்டின் கூட்டலையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. Month டேப்பின் H பத்தி அதற்காகத்தான். அது 30 லட்சத்தைத் தொடும்போதே ஆடிட்டரிடம் பேசுங்கள், ஏனென்றால் எல்லையைத் தாண்டிய பின் பதிவு செய்ய 30 நாள்தான் அவகாசம். ஆனால் இந்த 40 லட்சத்தில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, வகுப்பு. கட்டணம் வாங்கி பேக்கிங் வகுப்பு எடுத்தால் அது சேவை. பொருளும் சேவையும் சேர்ந்து நடத்துபவருக்கு எல்லை 20 லட்சம். வகுப்புக் கட்டணத்தையும் Sales டேப்பிலேயே எழுதி, D-யில் "வகுப்பு" என்று குறியுங்கள்.

இரண்டாவது, வெளிமாநிலம். பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் 40 லட்சம், 20 லட்சம் எந்த எல்லையும் கிடையாது, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். பெங்களூருக்குக் கூரியரில் ஒரு பெட்டி பிரவுனி அனுப்புவதும் இதில் அடங்கும். கடலூர், விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்: புதுச்சேரி அரை மணி நேரத் தூரமாக இருக்கலாம், ஜிஎஸ்டிக்கு அது வேறு பிரதேசம். I பத்தியில் TN என்று எழுதச் சொன்னது இதற்காக. Month டேப்பின் ஓரத்தில் ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIFS(Sales!I:I,"<>TN",Sales!E:E,">0")
```

இது எப்போதும் 0 காட்ட வேண்டும். 1 என்று வந்தால் மாநிலம் எழுத மறந்திருக்கிறீர்கள், அல்லது வெளியே விற்றிருக்கிறீர்கள்.

பதிவு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் "அப்போ விலையைக் குறைப்பீங்களா" என்று கேட்டவர்கள் உண்டு. நாம் அந்த வரியை வாங்குவதே இல்லை; வெண்ணெயும் சாக்லேட்டும் விலை குறைந்தால் அது Costs டேப்பில் தெரியும், அதைப் பார்த்து விலையை முடிவு செய்யலாம். உங்கள் பில்லில் தேதி, பெயர், பொருள், தொகை, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் போதும். வரி என்று தனியாக ஒரு வரிசை போடாதீர்கள்.

7. எப்போது உட்கார வேண்டும்

ஆர்டர் உறுதியானதும் ஃபோனில் வரிசை போட்டுவிடுங்கள், ஒரு நிமிடம் ஆகாது. வாரத்துக்கு ஒரு நாள் பில்களை ஏற்ற இருபது நிமிடம் ஒதுக்குங்கள். திங்கள்கிழமை ஆர்டர் குறைவாக இருக்கும் என்பதால் எனக்கு அதுதான் வசதி.

மாதம் முடிந்ததும் வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்கி, உள்ளே வந்த ஒவ்வொரு தொகையையும் Sales டேப்பின் F பத்தியில் தேடி, Insert > Checkbox மூலம் J பத்தியில் ஒரு டிக் போடுங்கள். ஒரே ஆர்டருக்கு முன்பணமும் மீதியும் யுபிஐயிலேயே வந்திருந்தால் F-இல் 600 என்று இருந்ததை `=600+680` என்று எழுதுங்கள். கட்டத்தைத் தொட்டால் இரண்டு தொகைகளும் தனித்தனியாகத் தெரியும், ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட அது வேண்டும். மாதக் கூட்டல் ஸ்டேட்மென்ட் கூட்டலோடு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் மே மாதம் வந்த முன்பணம் ஜூன் விற்பனையில் இருக்கும். அதனால் கூட்டலை ஒப்பிட வேண்டாம், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரிசை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிக் விழாத வரவு இருந்தால் ஏதோ ஒரு ஆர்டர் எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது. அன்றே வாட்ஸ்அப்பில் தேடினால் கிடைத்துவிடும். கடைசியாக Sales டேப்பின் H பத்தியில் பூஜ்யம் இல்லாத வரிசைகளைப் பாருங்கள். டெலிவரி தேதி கடந்தும் பாக்கி நிற்கிறது என்றால் அவர்களுக்கு அன்றைக்கே ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடலாம்.